இலைக்கு எவ்வளவு என்று கேட்டவர் எங்கே போனார்?

ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கான விசாரிப்பெல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து குவியும். கல்யாணச் சமையலைக் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துபவரின் வாட்ஸ்ஆப்புக்கு வரும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘இலைக்கு எவ்வளவுங்க?’ அவர் விலையைச் சொல்வார். அந்தப் பக்கம் இரண்டு நீல டிக் விழும். பிறகு ஒரு பேச்சும் இருக்காது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் போய்விடும். விலை கேட்டவருக்கு என்ன ஆனது என்று தெரியாது. மறுபடி கேட்டால் அலைகிறான் என்று நினைப்பாரோ, கேட்காமல் விட்டால் வேறு ஆளிடம் போய்விடுவாரோ என்ற இரண்டு பயத்துக்கு நடுவே சமையல்காரர் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கட்டத்தில் பலர் எடுக்கும் முடிவு தவறான ஓர் ஊகத்திலிருந்து பிறக்கிறது. விலை அதிகம் என்று நினைத்துத்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே ‘30 ரூபாய் குறைச்சுத் தர்றேன் சார்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கல்யாண வீட்டின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், அங்கே பேச்சு நின்றுபோன இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

விலை கேட்டவர் பெண்ணின் தாய்மாமனாக இருப்பார். ஐந்தாறு பேரிடம் கேட்டு எழுதி வை என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள், அவரும் எழுதி வைத்திருப்பார். முடிவெடுப்பது பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும். அவர்கள் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை. அல்லது மண்டபமே முடிவாகவில்லை. சில மண்டபங்களில் அவர்கள் வைத்திருக்கும் காண்ட்ராக்டர்தான் சமைக்க வேண்டும், வெளி ஆளை விட மாட்டார்கள். அது தெரியும் வரை சமையல் பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஆடியில் நல்ல காரியத்துக்குக் கை நீட்டி அட்வான்ஸ் கொடுக்கப் பல குடும்பங்கள் தயங்கும். ஆடிப் பெருக்கு வரட்டும், இல்லையென்றால் ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். இதை வெளியாளிடம் விளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது. நமக்கு மௌனமாகத் தெரிவது, அவர்களுக்கு இயல்பான ஒரு காத்திருப்பு.

விலையே காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டுதான். அங்கேயும் பல நேரங்களில் சிக்கல் தொகையில் இல்லை, ஒப்பிட முடியாததில் இருக்கிறது. ஒருவர் லேபர் காண்ட்ராக்ட் பேசுவார். மளிகை லிஸ்ட் கொடுத்துவிடுவார், சாமானும் காய்கறியும் கல்யாண வீட்டார் வாங்கித் தர வேண்டும், இவருக்குக் கூலி மட்டும். இன்னொருவர் சாமானோடு சேர்த்து முழுக் காண்ட்ராக்ட் பேசுவார். முழுக் காண்ட்ராக்டிலும் ஒருவர் சொன்ன விலையில் பரிமாறும் ஆட்கள், வாழையிலை, தண்ணீர் பாட்டில், பீடா எல்லாம் அடங்கும். மற்றவர் விலையில் பாத்திர வாடகையும் கேஸ் சிலிண்டரும் தனி. ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பது இன்னொரு குழப்பம். தாய்மாமன் தாளில் வெறும் எண்கள் மட்டும் இருந்தால், மிகக் குறைந்த எண்தான் கண்ணில் படும். 380 என்று மட்டும் சொன்னவர் அந்த வரிசையில் தோற்றுப்போவார். அவர் உணவு தோற்றதாக அதற்குப் பொருளில்லை.

ஆகவே பின்தொடர்வது என்பது முதல் பதிலிலேயே தொடங்குகிறது. முதலில், அந்தப் பதில் சீக்கிரம் போக வேண்டும். 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்க நிறுவனங்கள் 2,241-க்கு இணையத்தின் வழியே விசாரிப்பு அனுப்பிப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டவர்களுக்கு, அதன்பிறகு தாமதித்தவர்களைவிட உருப்படியான பேச்சு அமையும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு இருந்தது. அந்த மடங்குக் கணக்கை அப்படியே மதுரைக் கல்யாணத்துக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் மூன்று நாள் கழித்து விலை சொன்னவர், மூன்று நாளாகப் பதில் இல்லையே என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

விலையோடு சேர்த்து நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது: முகூர்த்தத் தேதி, உத்தேசமாக எத்தனை இலை, மண்டபம் முடிவாகிவிட்டதா, யாரிடம் கலந்து பேச வேண்டியிருக்கிறது. நான்காவது கேள்வியை விசாரணை போலக் கேட்கக் கூடாது. ‘வீட்ல எல்லாரும் பார்க்குற மாதிரி லிஸ்ட்டாப் போட்டுத் தரட்டுங்களா சார்?’ என்று கேட்டாலே, ‘ஆமா, அண்ணன்கிட்ட காட்டணும்’ என்று பதில் வந்துவிடும். கடைசியாக, ‘நான் எப்போ கூப்பிட்டா உங்களுக்குத் தோதாப்படும்?’ என்று ஒரு கேள்வி. இதற்கு அவர் ‘பெருக்கு முடியட்டும்’ என்றால், அடுத்த அழைப்புக்கு அவரே அனுமதி தந்தாகிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் பின்னால் என்ன சொல்லித் தொடங்குவது என்று திண்டாடுகிறார்கள்.

இனி ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாணம், ஆவணி 20 முகூர்த்தம், மதியச் சாப்பாடு 400 இலை என்று வைத்துக்கொள்வோம். ஆடி 3-ம் தேதி தாய்மாமன் விலை கேட்கிறார். சமையல்காரர் அவசரத்தில் ‘இலைக்கு 380’ என்று மட்டும் சொல்லிவிடுகிறார். தேதியையும் இலையையும் கேட்டுக்கொண்டார், மற்றதைக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. எங்கும் நடப்பதுதான், இங்கிருந்து என்ன செய்யலாம்?

மூன்று நாள் கழித்து, ஆடி 6-ல், முதல் செய்தி போகிறது. ‘வணக்கம் சார். ஆவணி 20 முகூர்த்தத்துக்கு விலை கேட்டிருந்தீங்க. அன்னைக்கு 380-னு மட்டும் சொன்னேன், அதுல என்னென்ன அடங்கும்னு சொல்லல. லிஸ்ட் அனுப்பியிருக்கேன். வீட்ல மத்தவங்க பார்க்கவும் வசதியா இருக்கும். அவசரம் இல்லீங்க, பொறுமையாப் பாருங்க.’ கூடவே ஒரு பக்கத்தில் பலகார வகைகள், பரிமாறுபவர்கள் எத்தனை பேர், எது விலைக்குள், எது வெளியே, குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் கொடுக்க வேண்டும், கூடுதல் இலைக்கு என்ன கணக்கு என்பதெல்லாம் இருக்கிறது.

இந்தச் செய்தியில் ‘என்ன சார் முடிவு பண்ணீங்க?’ என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதில் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று அது தாய்மாமனைக் குத்தவில்லை. அவர் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறது. அந்தத் தாளை அவர் அண்ணனுக்கு அனுப்பலாம், மற்ற நான்கு பேரிடமும் ‘இதெல்லாம் உங்க விலையில உண்டா?’ என்று கேட்கலாம். சமையல்காரர் இல்லாத இடத்திலும் அவருக்காகப் பேசும் தாள் அது. குறைந்தபட்ச இலைக் கணக்கை முன்கூட்டியே எழுதிவிட்டதால், கல்யாணத்தன்று பந்தி முடிந்து இலை எண்ணும்போது எழும் சண்டையும் இல்லாமல் போகிறது.

இதற்கும் பதில் வராமல் போகலாம். அப்போது நான்காம் நாளே மறுபடி எழுதுவது பிசகு. ஆடிப் பெருக்கு வருகிறது. அது முடிந்த மறுநாள், ஆடி 19-ல் இரண்டாவது செய்தி. ‘வணக்கம் சார், பெருக்கு நல்லபடியா முடிஞ்சிருக்கும். மண்டபம் முடிவாயிடுச்சுங்களா? அங்கே சமையல்கட்டுல என்னென்ன பாத்திரம் இருக்குன்னு தெரிஞ்சா, வாடகைப் பாத்திரம் எவ்வளவு குறையும்னு பார்த்துச் சொல்றேன். ஒருவேளை வேற இடத்துல பேசி முடிச்சிருந்தீங்கன்னா “முடிஞ்சது”ன்னு ஒரு வார்த்தை போடுங்க, போதும். எதுவும் நினைச்சுக்க மாட்டோம்.’

இந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் செய்தியிலேயே கனமானவை. நம் ஊரில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது பலருக்கும் சங்கடம். ‘பார்த்துட்டுச் சொல்றேன்’, ‘வீட்ல கேட்டுட்டுக் கூப்பிடுறேன்’ என்பார்கள். பிறகு அந்த எண்ணைப் பார்த்தாலே போனை எடுக்கத் தயங்குவார்கள். வேண்டாம் என்பதைச் சுலபமாக்கிக் கொடுத்தால், வேறிடத்தில் முடித்துவிட்டவர் நிம்மதியாகச் சொல்லிவிடுவார். சமையல்காரருக்கும் லாபம்தான்: அந்தத் தேதி விடுபட்டது என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இன்னும் முடிக்காதவரோ, ‘இல்லீங்க, இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்’ என்று எழுதுவார். இரண்டில் எது வந்தாலும் கதவு மூடவில்லை.

கணக்கில் வரும் தாய்மாமன் அன்று மாலை பதில் எழுதுகிறார். மண்டபம் முடிவாகிவிட்டது, வெளி ஆள் சமைக்கலாம். ‘ஆனா விலை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குன்னு அண்ணன் ஃபீல் பண்றாரு.’

இப்போதுதான் விலைப் பேச்சு தொடங்குகிறது. இங்கே அவசரப்பட்டு 350 ஆக்குகிறேன் என்று சொன்னால், அப்படியானால் முதலில் சொன்ன 380 எதற்கு என்று பெரியவர் கேட்பார், கேட்பதிலும் நியாயம் உண்டு. கேட்காமலேயே முன்பு குறைத்திருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் பெரிதாகியிருக்கும். சாமானைத் தொட்டுத்தான் விலையைத் தொட வேண்டும். இரண்டு இனிப்பை ஒன்றாக்கி, ஐஸ்கிரீமை எடுத்துவிட்டு, மண்டபத்துப் பாத்திரத்தையே பயன்படுத்தினால் இலைக்கு 350 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 இலைக்கு 1,52,000 ரூபாயாக இருந்தது 1,40,000 ஆகும். 12,000 ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்பதை ஒவ்வொரு வரியாகக் காட்ட முடிகிறது. இரண்டு லிஸ்ட்டையும் சேர்த்தே அனுப்பி, ‘எது தோதுன்னு நீங்களே பாருங்க’ என்று விட்டுவிடலாம். பெரியவர் ஐஸ்கிரீம் இருக்கட்டும், இனிப்பை மட்டும் குறைக்கலாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லத் தொடங்கியவர் பாதி முடிவெடுத்துவிட்டார்.

பேச்சு மறுபடி நின்றால் மூன்றாவது செய்தி, ஆடி 26-ல். இதில்தான் கெடு வரும். கெடு சொல்வதில் தவறில்லை, அது உண்மையாக இருக்கும் வரை. நல்ல முகூர்த்த நாளில், அதிலும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால், சின்ன சமையல் குழுவால் ஒரு கல்யாணத்துக்கு மேல் எடுக்க முடியாது. தலைமைச் சமையல்காரர் ஒருவர்தான், பரிமாறும் ஆட்களும் அன்றைக்கு எல்லா ஊரிலும் தட்டுப்பாடு. இது வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல். ஆகவே, ‘சார், ஆவணி 20-க்கு எங்களால ஒரு கல்யாணம்தான் செய்ய முடியும். வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் வேற யாரு கேட்டாலும் கொடுத்துடுவோம். இனிமே நானாத் தொந்தரவு பண்ண மாட்டேன், தேவைப்பட்டா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க’ என்று எழுதலாம்.

இதையே பொய்யாகச் சொல்பவர்களும் உண்டு. ‘இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க சார், இன்னைக்குள்ள சொல்லுங்க’ என்பார்கள். அப்படி ஒரு பார்ட்டியே இருக்காது. இது எடுபடாமல் போவதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கழிந்து திங்கட்கிழமையும் அதே ஆள் அதே தேதிக்குக் கூப்பிடுவார். முதல் கெடு பொய் என்பது அப்போதே தெரிந்துவிடும். பந்தியில் வைக்கும் நெய்யைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யாக இருக்குமோ என்ற எண்ணம் கூடவே வரும். கல்யாணச் சமையலில் சந்தேகம் வந்துவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் அன்றைக்குச் சாப்பாட்டில் குறை வந்தால் தலைகுனிவது பெண் வீட்டார்.

மூன்று செய்தி என்பது கல்லில் பொறித்த எண் இல்லை. கல்யாணம் ஆறு மாதம் தள்ளி இருந்தால் இடைவெளியும் நீளும், மூன்று செய்தி நான்காகவும் ஆகலாம். கல்யாணம் பத்து நாளில் என்றால் ஒரு செய்தி, ஒரு அழைப்பு, அவ்வளவுதான். அளவுகோல் விற்பவரின் பதற்றம் அல்ல, அந்த வீட்டின் நாள்காட்டி. அமெரிக்காவின் தொலைபேசி விற்பனை விதியில் இதற்கு ஒரு சுவாரசியமான எல்லை உண்டு. ‘என்னைக் கூப்பிட வேண்டாம்’ என்று அரசுப் பட்டியலில் பதிந்தவர்கூட தானாக ஒரு நிறுவனத்திடம் விசாரித்திருந்தால், அந்த நிறுவனம் 3 மாதம் வரை அவரை அழைக்கலாம். இனி அழைக்காதீர்கள் என்று அவர் சொன்ன நொடியில் அந்த உரிமையும் போய்விடும். இந்தியாவிலும் 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்புகளைத் தடுக்கப் பதியலாம், வேண்டாத அழைப்புகளைப் பற்றிப் புகாரும் செய்யலாம். வாட்ஸ்ஆப்பில் இதற்கு எண்ணை அழுத்தவும் வேண்டாம். சேமிக்காத எண்ணிலிருந்து செய்தி வந்தால் ‘பிளாக்’, ‘ரிப்போர்ட்’ இரண்டும் திரையிலேயே நிற்கும். பலர் அதை அழுத்தினால் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் எண்ணே முடக்கப்படலாம்.

எது எல்லை மீறல் என்பதை அந்தப் பக்கம் இருப்பவரின் இடத்தில் நின்று பார்த்தால் சட்டென்று விளங்கும். ‘பார்த்துட்டுப் பதில் போடலையே சார்’ என்பது நீல டிக்கைச் சாட்சியாக வைத்துக் குற்றம் சாட்டுவது. அந்த டிக் சொல்வது செய்தி திறக்கப்பட்டது என்பதை மட்டும்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு திறந்தாரா, யோசித்துப் படித்தாரா என்பதை அது சொல்லாது. அதை அணைத்து வைக்கவும் வழி இருப்பதால், டிக் நீலமாகவில்லை என்றால் படிக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வெறும் கேள்விக்குறியை அனுப்புவது, தினமும் குட்மார்னிங் படம் அனுப்பி நினைவூட்டுவது, ஒரு எண்ணை எடுக்கவில்லை என்றால் மனைவி எண்ணிலிருந்து கூப்பிடுவது எல்லாம் ஒரே வகை. இவற்றிலெல்லாம் மோசமானது, எங்கிருந்தோ பெண்ணின் அப்பா எண்ணைத் தேடிப் பிடித்து நேரே அவரிடம் பேசுவது. பொறுப்பை ஏற்ற தாய்மாமனை ஒதுக்கிவிட்டுப் போனதாக ஆகிவிடும். கல்யாண வீட்டில் அந்த ஒரு வருத்தமே காண்ட்ராக்ட் கைநழுவப் போதும்.

போனில் கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். வயதில் மூத்தவர்கள் எழுத்தைவிடப் பேச்சையே விரும்புவார்கள். ஆனால் ‘நாளைக்குக் காலைல 11 மணிக்கு ரெண்டு நிமிஷம் பேசலாங்களா ஐயா?’ என்று முந்தின நாள் ஒரு வரி போட்டுவிட்டுக் கூப்பிடுவது மரியாதை. எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு மறுபடி அடிக்கக் கூடாது. பேசும்போதும், ‘நம்ம ஆளுங்க சமைக்கிற கல்யாணம் ஒண்ணு இருக்கு, அந்த வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன், சமையல்கட்டு வரைக்கும் வந்து ருசி பார்த்துட்டுப் போங்களேன்’ என்பது போல எதிராளிக்குப் பயன்படும் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஆடியில் இது நடக்காது, கல்யாணமே இல்லையே. அப்போது வளைகாப்பு, கோயில் அன்னதானம் என்று ஏதாவது இருந்தால் அதைச் சொல்லலாம்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வது யாராலும் ஆகாது, நாற்பது விசாரிப்பு வரும் மாதத்தில். நோட்டில் ஒரு பக்கம் போதும்: கேட்டவர் பெயர், முகூர்த்தத் தேதி, இலை, மண்டபம், சொன்ன விலை, அடுத்து எப்போது பேச வேண்டும். கடைசிப் பத்திதான் முக்கியம், அதில் தேதி இல்லாத வரி இருக்கவே கூடாது. வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் ஒவ்வொருவர் பேச்சின்மேலும் லேபிள் ஒட்டும் வசதி உண்டு. ‘விலை சொன்னது’, ‘காத்திருப்பு’, ‘முடிந்தது’ என்று மூன்று லேபிள் வைத்தாலே யாருக்கு இரண்டு முறை எழுதினோம் என்ற குழப்பம் வராது. முடிந்தது என்று சொன்னவருக்கு ஒரே ஒரு பதில்: ‘தகவல் சொன்னதுக்கு நன்றிங்க, கல்யாணம் சிறப்பா நடக்கட்டும்.’ யாரிடம் கொடுத்தீர்கள், எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள் என்று துருவக் கூடாது. ‘எங்ககிட்ட எது ஒத்துவரலன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவோம்’ என்று வேண்டுமானால் ஒரு முறை கேட்கலாம்; சொன்னால் அதை நோட்டில் எழுதிக்கொள்ளலாம், வாதாடக் கூடாது.

மூன்றாவது செய்திக்கும் பதில் வராமல், வெள்ளிக்கிழமையும் கழிந்துவிட்டால், தேதியை உண்மையிலேயே விட்டுவிட வேண்டும். சில வேளை ஆவணி பிறந்த பிறகு திடீரென்று கூப்பிடுவார்கள். பேசியிருந்த ஆள் கைவிரித்திருப்பார், அல்லது பெரியவர்கள் இப்போதுதான் ஒத்துப்போயிருப்பார்கள். தேதி காலியாக இருந்தால், ‘அப்போ ஏன் சார் பதிலே போடல?’ என்று ஆரம்பிக்காமல் பழைய லிஸ்ட்டையே எடுத்துப் பேசலாம். காய்கறி, எண்ணெய் விலை இடையில் ஏறியிருந்தால் அதைச் சொல்லிப் புதுக் கணக்குப் போடலாம். முதல் லிஸ்ட்டிலேயே ‘இந்த விலை இந்தத் தேதி வரை’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சு இன்னும் சுலபம். தேதி போயிருந்தால், தெரிந்த நல்ல சமையல்காரர் ஒருவரின் எண்ணை அவரிடம் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். அந்த வீட்டில் வளைகாப்பும், பெரியவர்களுக்கு அறுபதாம் கல்யாணமும் இன்னும் வரவேண்டியிருக்கிறது.